மட்டம் ஏறியது, திரவமானி அசையவில்லை

தண்ணீரில் மிதக்கும் பனிக்கட்டி உருகினால் மட்டம் ஏறுமா, இறங்குமா, அப்படியே இருக்குமா? இந்தக் கேள்விக்குப் பல வருடங்களாக ஒரே பதிலைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். மாறாது. யார் கேட்டாலும், எப்போது கேட்டாலும், யோசிக்காமல் சொல்வேன். பனிக்கட்டி தண்ணீரில் ஒரு பள்ளம் பறித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பள்ளத்தில் எவ்வளவு எடை தண்ணீர் பிடிக்குமோ அதுதான் கட்டியின் எடை. கட்டி உருகினால் அதே எடை தண்ணீர் வருகிறது. பள்ளம் சரியாக நிரம்புகிறது. ஆர்க்கிமிடிஸ் சொன்னதைக் கொஞ்சம் வளைத்துச் சொன்னால் இவ்வளவுதான். பதில் அழகாக இருந்ததால் ஒருமுறைகூடச் செய்து பார்க்கவில்லை.

அக்கா மகள் செய்து பார்த்தாள். பள்ளிக்கூட வேலை ஒன்றும் இல்லை, விடுமுறையில் சும்மா. கண்ணாடித் தம்ளரின் வெளியே ஒரு காகிதத் துண்டை ஒட்டி, கூரான பென்சிலால் மட்டத்தைக் குறித்து, கட்டி முழுக்கக் கரைந்ததும் மறுபடியும் குறித்திருக்கிறாள். "மாமா, மாறாதுன்னு சொன்னீங்க, இறங்கியிருக்கு" என்றாள். நான் தம்ளரைக் கண் உயரத்துக்குத் தூக்கிப் பார்த்தேன். இரண்டு கோடுகள். நடுவே மெல்லிய இடைவெளி, அரை மில்லிமீட்டர் இருக்கலாம். "ஆவியாயிருக்கும்" என்றேன். சொல்லும்போதே அது சரியில்லை என்று தெரிந்தது. அரை மணி நேரத்தில் ஒரு தம்ளர் அவ்வளவு ஆவியாகாது. அவள் விட்டுவிட்டாள். எனக்குத்தான் அது உறுத்திக்கொண்டே இருந்தது.

அரை மில்லிமீட்டரின் கணக்கு

ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 300 கிராம் தண்ணீர், 30 டிகிரி சூடு. 60 கிராம் பனிக்கட்டி. ஒரு கிராம் பனிக்கட்டி உருக 80 கலோரி வேண்டும், அதை அந்தத் தண்ணீரிடமிருந்துதான் அது பிடுங்கிக்கொள்கிறது. எல்லாம் உருகி முடியும்போது தண்ணீர் 11, 12 டிகிரிக்கு வந்துவிடும். குளிர்ந்த தண்ணீர் சுருங்கும். 30 டிகிரியில் ஒரு மில்லிலிட்டர் தண்ணீரின் எடை 0.9957 கிராம், 11 டிகிரியில் 0.9996. வித்தியாசம் நாலாயிரத்தில் பதினாறு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள், அதாவது நூற்றுக்கு அரைகூட இல்லை. ஆனால் தம்ளரில் இருப்பது மொத்தம் 360 கிராம். தொடக்கத்தில் கட்டியின் பள்ளத்தையும் சேர்த்து 361.6 மில்லிலிட்டர், முடிவில் 360.1. ஒன்றரை மில்லிலிட்டர் குறைகிறது. தம்ளரின் குறுக்குப் பரப்பு சுமார் 30 சதுர செ.மீ. இருந்தால் அது அரை மில்லிமீட்டர். அவளுடைய பென்சில் கோடு சரி.

கணக்கின் இரண்டாவது பாதிதான் எனக்குப் பிடித்தது. அதே தம்ளரை மூடி வைத்து, தண்ணீர் மீண்டும் 30 டிகிரிக்கு வரும்வரை விட்டால் 360 கிராமின் கன அளவு 361.6. தொடங்கிய இடத்துக்கே, பின்னமும் மாறாமல், மட்டம் திரும்ப வருகிறது. ஆக "மாறாது" என்பது பொய்யில்லை. அதன் கூடவே வரவேண்டிய "தொடக்கத்திலும் முடிவிலும் ஒரே வெப்பநிலையில் பார்த்தால்" என்ற நிபந்தனையை நான் சொன்னதே இல்லை. மறுநாள் அவளிடம் சொன்னேன். அவள் தட்டு போட்டு மூடி, மதியம் வரை காத்திருந்து பார்த்தாள். இரண்டாவது கோடு முதல் கோட்டின் மேலேயே வந்து உட்கார்ந்தது. அவளுக்குத் திருப்தி.

எனக்கு இல்லை. அந்தப் பள்ளக் கதையில் இன்னொரு நிபந்தனையும் ஒளிந்திருக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது. உருகி வரும் தண்ணீரும் கட்டி மிதக்கும் தண்ணீரும் ஒரே அடர்த்தியாக இருக்க வேண்டும். மிதப்பது உப்புத் தண்ணீரில் என்றால்?

உப்பைப் போட்டதும்

இங்கே பதில் தெரிந்ததுதான்: மட்டம் ஏறும். உப்புத் தண்ணீர் கனமானது, ஆகவே கட்டிக்குச் சின்னப் பள்ளமே போதும். உருகி வருவது நல்ல தண்ணீர், அதே எடைக்கு அதிக இடம் கேட்கும். பள்ளத்தில் அடங்காமல் மிஞ்சுவதுதான் ஏற்றம். ஆனால் முந்தின அனுபவத்துக்குப் பிறகு, தெரிந்த பதிலை அளக்காமல் விட மனமில்லை. தண்ணீரின் அடர்த்தியையும் கூடவே பார்த்துவிடலாம் என்று ஒரு திரவமானி வாங்கினேன். ஹைட்ரோமீட்டர் என்று கேட்டால்தான் கடையில் புரிகிறது.

பார்த்திராதவர்களுக்கு ஒரு வரி: அடியில் ஈயக் குண்டுகள் வைத்த கண்ணாடிக் குமிழ், அதன் மேலே மெல்லிய தண்டு, தண்டுக்குள் சுருட்டி வைத்த அளவுகோல் காகிதம். என்னுடையது 30 கிராம், 1.000 முதல் 1.100 வரை நூறு கோடுகள், தண்டு 5 மில்லிமீட்டர் தடிமன். கனமான திரவத்தில் தண்டு அதிகமாக வெளியே நிற்கும், லேசான திரவத்தில் உள்ளே இறங்கும். தண்டு ஏன் அவ்வளவு மெல்லியதாக இருக்கிறது என்பதை நான் அதுவரை யோசித்ததில்லை. 30 கிராம் எடையுள்ள பொருள், திரவத்தின் அடர்த்தி ஆயிரத்தில் ஒரு பங்கு மாறினால், இன்னும் 0.03 மில்லிலிட்டர் இடத்தைப் பிடித்தால் போதும். ஒரு சின்னச் சொட்டு. அந்தச் சொட்டளவு இடத்தை மெல்லிய தண்டில் தேட வேண்டியிருப்பதால் தண்டு ஒன்றரை மில்லிமீட்டர் வரை இறங்கியாக வேண்டும். தம்ளரில் அரை மில்லிமீட்டராகத் தெரிந்த அந்தக் குளிர்ச்சியை இது தண்டில் ஏறக்குறைய ஆறு மில்லிமீட்டராகக் காட்டும்.

இன்னொன்றும் பிடிபட்டது. மிதக்கும் பனிக்கட்டியும் ஒரு திரவமானிதான். நல்ல தண்ணீரில் அது தன் உடம்பில் எட்டு சதவீதத்தை வெளியே காட்டுகிறது, நான் கரைத்த உப்புத் தண்ணீரில் பதினாலு சதவீதத்துக்கும் மேல். ஒரே வித்தியாசம், இந்தத் திரவமானி தான் அளக்கும் திரவத்துக்குள்ளேயே கரைந்து அதை மாற்றிவிடுகிறது.

இந்தத் தடவை வெப்பநிலையில் ஏமாற விருப்பமில்லை. திரவமானியின் காகிதத்தில் 20 டிகிரி என்று அச்சிட்டிருந்தது, அதாவது அதன் கோடுகள் அந்தச் சூட்டில்தான் சரி. அறையைக் குளிரவைத்து, தண்ணீரையும் 20-க்குக் கொண்டுவந்தேன். ஒரு லிட்டர் அளவு ஜாடி, உள்விட்டம் 6 செ.மீ. அதில் 675 கிராம் தண்ணீரும் 75 கிராம் உப்பும், பத்து சதவீதம், ஏறக்குறைய 700 மில்லிலிட்டர். கலக்கித் தெளியவிட்டதும் திரவமானி 1.071 காட்டியது. அப்புறம் 60 கிராம் பனிக்கட்டி. ஜாடி குறுகலானது என்பதால் கட்டி தண்டோடு ஒட்டிக்கொண்டு அதைச் சாய்த்தது. முதல் முறை அதைக் கவனிக்காமல் விட்டு ஒரு பொழுது வீணானது. ஜாடியின் சுவரில் சாய்ந்து நிற்கும் திரவமானி எதையும் அளக்காது. சின்னக் கட்டிகளாக உடைத்துப் போட்டு, தண்டைச் சுற்றி இடம் இருக்கும்படி பார்த்துக்கொண்டேன். படிக்கும்போதும் தண்டை ஒட்டித் தண்ணீர் கொஞ்சம் மேலே ஏறி நிற்கும், அந்த ஏற்றத்தை விட்டுவிட்டு அதற்குக் கீழே தட்டையான பரப்பு வெட்டும் கோட்டைத்தான் எடுக்க வேண்டும்.

எதிர்பார்த்த கணக்கு இது. 60 கிராம் கட்டி உப்புத் தண்ணீரில் பறிக்கும் பள்ளம் 56 மில்லிலிட்டர். உருகினால் வருவது 60 மில்லிலிட்டரும் ஒரு துளியும். மிச்சம் நாலு மில்லிலிட்டர், இந்த ஜாடியில் ஒன்றரை மில்லிமீட்டர் ஏற்றம். உப்பு பத்து சதவீதத்திலிருந்து 9.3-க்கு இறங்கும், அதற்குரிய அடர்த்தி 1.065. ஆக மட்டம் ஒன்றரை மில்லிமீட்டர் ஏற வேண்டும், திரவமானி ஆறு கோடு இறங்க வேண்டும். ஆறு கோடு என்றால் தண்டில் எட்டு மில்லிமீட்டர். திரவமானி அமிழும்போது அதுவும் கொஞ்சம் தண்ணீரைத் தள்ளி மட்டத்தை ஏற்றுமே என்று ஒரு சந்தேகம் வந்தது. ஏற்றும்தான், ஆனால் மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு. விட்டுவிடலாம்.

அசையாத திரவமானி

கட்டி கரைய எதிர்பார்த்ததைவிட வெகு நேரம் பிடித்தது. அதுவே ஒரு துப்பு. அப்போது எனக்கு அது புரியவில்லை. கடைசித் துண்டும் மறைந்த பிறகு ஜாடியை மூடி, திரும்ப 20 டிகிரி வரட்டும் என்று சில மணி நேரம் விட்டேன். வந்து பார்த்தபோது மட்டம் ஏறியிருந்தது. ஒன்றரை மில்லிமீட்டர், கணக்குப் போட்ட இடத்திலேயே. சரி, பாதி வென்றாயிற்று என்று திரவமானியைப் பார்த்தேன்.

1.069.

ஆறு கோடு இறங்க வேண்டியது இரண்டு கோடுதான் இறங்கியிருந்தது. தண்டைத் துடைத்து மறுபடி விட்டேன், மெதுவாக. அதே. காற்றுக் குமிழ் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை. வெப்பமானி 20-ல் நிற்கிறது. கட்டியின் எடையைத் தவறாக எடுத்துவிட்டேனா? அப்படியென்றால் மட்டம் மட்டும் எப்படிச் சரியாக வந்தது? ஒரே ஜாடி, ஒரே கட்டி. மட்டத்தைக் கேட்டால் 60 கிராம் நல்ல தண்ணீர் உள்ளே வந்துவிட்டது என்கிறது. திரவமானியைக் கேட்டால் அப்படி ஒன்றும் வரவில்லையே என்கிறது.

எதற்கோ ஜாடிக்குப் பின்னால் ஒரு கோடு போட்ட நோட்டுப் புத்தகம் கிடந்தது. அதன் கோடுகள் ஜாடி வழியாகத் தெரிந்தன. மேற்பரப்பிலிருந்து இரண்டு செ.மீ. கீழே ஓர் இடத்தில் கோடு நசுங்கி, வளைந்து தெரிந்தது. தலையை மேலும் கீழும் அசைத்தால் அந்த இடம் மட்டும் நெளிந்தது. அதைப் பார்த்த அந்த நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. ஜாடியில் இருப்பது ஒரு திரவம் இல்லை, இரண்டு. கீழே உப்புத் தண்ணீர், அதன் மேல் உருகி வந்த நல்ல தண்ணீர், ஒரு மூடியைப் போல.

யோசித்தால் வேறு எப்படி இருக்க முடியும்? கட்டி உருகுவது மேற்பரப்பில். வரும் தண்ணீர் எவ்வளவு குளிர்ந்திருந்தாலும் பத்து சதவீத உப்புத் தண்ணீரைவிட லேசானது, அதனால் கீழே போகாது. சாதாரணத் தண்ணீரில் கட்டியிலிருந்து வழியும் குளிர்நீர் கனமாகிக் கீழே இறங்கும், சூடான தண்ணீர் மேலே வரும், அந்தச் சுழற்சியில் கட்டி சீக்கிரம் கரையும். உப்புத் தண்ணீரில் கட்டி தன் குளிரைத் தானே போர்த்திக்கொண்டு கிடக்கிறது. அதனால்தான் அவ்வளவு நேரம். உப்பு தானாகப் பரவி மேலே வந்து சமமாவதற்கு மணிக்கணக்கு போதாது, நாட்கணக்கு வேண்டும். கட்டியைச் சாயம் கலந்து உறையவைத்தால் இதை நேராகவே பார்க்கலாம்: சாயம் மேலேயே ஒரு பட்டையாகத் தங்கிவிடும்.

இப்போது திரவமானியின் பக்கம் நின்று பாருங்கள். அதன் எடையில் பெரும்பகுதியைத் தாங்குவது குமிழ். குமிழ் இருப்பது கீழே, பழைய உப்புத் தண்ணீரில். அங்கே எதுவும் மாறவில்லை. மேலே வந்த நல்ல தண்ணீர் தொடுவது தண்டின் இரண்டு செ.மீ.யை மட்டும். அந்தத் துண்டுத் தண்டு பிடித்திருக்கும் இடம் 0.4 மில்லிலிட்டர். அதில் உப்புத் தண்ணீருக்குப் பதில் நல்ல தண்ணீர் வந்ததால் திரவமானி இழந்த ஆதரவு 0.03 கிராம். அதை ஈடுகட்ட ஒரு கோடு இறங்கினால் போதும், 1.070. இரண்டு கோடு இறங்கியிருந்தது என்றால், இரண்டு தண்ணீரும் சந்திக்கும் இடம் கத்தியால் வெட்டியதுபோல் இல்லாமல் கொஞ்சம் கலங்கி, குமிழின் மேல்பகுதியையும் எட்டியிருக்கிறது என்று அர்த்தம்.

திரவமானி பொய் சொல்லவில்லை. மேலிருந்து கீழ்வரை தன் உடம்பைச் சுற்றி என்ன இருக்கிறதோ, அதைத் தன் உடம்பின் தடிமனுக்கு ஏற்ற பங்கில் கூட்டி ஒரே எண்ணாகச் சொல்கிறது. தண்டு மெல்லியது, குமிழ் பருமன். ஆகவே அதன் காது குமிழில் இருக்கிறது. மேற்பரப்பு வெட்டும் கோட்டில் எண்ணைப் படிப்பதால், மேற்பரப்புத் தண்ணீரைத்தான் அது சொல்கிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நீளமான கரண்டி ஒன்றை எடுத்து, திரவமானியை வெளியே வைத்துவிட்டு, அடிவரை விட்டுக் கலக்கினேன். கொதிக்கும் அடுப்புக்கு மேலே காற்று நெளிவதுபோல் ஜாடி முழுக்க நூல் நூலாக நெளிவுகள் ஓடின. அரை நிமிடம் கலக்கியதும் ஜாடி தெளிந்தது, நோட்டுப் புத்தகக் கோடுகள் நேராகின. திரவமானியைத் திரும்ப இறக்கினேன். 1.065. மட்டத்தைப் பார்த்தேன். கலக்குவதற்கு முன்னால் எங்கே இருந்ததோ அங்கேயே. கரண்டியில் ஒட்டிப் போன சொட்டுகளைத் தவிர எதுவும் மாறவில்லை.

கட்டி உருகியபோது மட்டம் ஏறியது, திரவமானி ஏறக்குறைய சும்மா இருந்தது. கலக்கியபோது திரவமானி இறங்கியது, மட்டம் சும்மா இருந்தது. இரண்டும் ஒரே நிகழ்ச்சியின் இரண்டு முகம் என்று நான் நினைத்திருந்தேன். மட்டத்துக்கு வேண்டியது உள்ளே மொத்தம் எவ்வளவு இடம் நிரம்பியிருக்கிறது என்பது மட்டுமே. எது எங்கே இருக்கிறது என்று அது கேட்பதில்லை. திரவமானிக்கு மொத்தம் எவ்வளவு என்பது பொருட்டே இல்லை. குமிழைச் சுற்றி என்ன என்பதுதான் கேள்வி. கலக்காத ஜாடியில் திரவமானியை விட்டுப் படித்த எண்ணை வைத்து "உப்பு இவ்வளவு" என்று எழுதினால் அது தப்பு, எவ்வளவு கவனமாகக் கோடு பார்த்தாலும்.

கடலில் மிதக்கும் பனிக்கும் இதே கணக்குதான், அளவு மட்டும் சின்னது. கடல்நீரின் அடர்த்தி 1.025-ஐ ஒட்டி இருப்பதால் 100 கிராம் நல்ல தண்ணீர்ப் பனிக்கட்டி பறிக்கும் பள்ளம் 97.5 மில்லிலிட்டர், உருகினால் 100. நிலத்தின் மேல் கிடக்கும் பனி உருகிக் கடலில் சேர்வது முற்றிலும் வேறு சங்கதி, அது பள்ளமே பறிக்காதது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பி வாதாடுபவர்களோடு நானும் ஒரு காலத்தில் சேர்ந்து வாதாடியிருக்கிறேன்.

வலைக்கு அடியில்

இதை அக்கா மகளிடம் செய்து காட்டியபோது அவள் நோட்டுப் புத்தகக் கோடுகள் வளைவதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் கேட்டாள்: "ஐஸை மேல மிதக்க விடாம கீழ அழுத்தி வச்சா, மாமா?"

நல்ல கேள்வி. கம்பி வலையைக் குவளைபோல் வளைத்து, கட்டிகளை அதற்கு அடியில் சிறைவைத்து, ஜாடியின் பாதி ஆழத்தில் நிறுத்தினோம். திரவமானிக்கு இடமில்லாததால் அது வெளியே காத்திருந்தது. முழுக்க அமிழ்ந்த கட்டி தன் எடைக்கு அல்ல, தன் உடம்புக்கு இடம் பிடிக்கும். 60 கிராம் பனிக்கட்டியின் உடம்பு 65 மில்லிலிட்டருக்கும் கொஞ்சம் மேல், உருகினால் 60. இந்தத் தடவை மட்டம் இறங்க வேண்டும், சுமார் 2 மில்லிமீட்டர். அதே உப்புத் தண்ணீர், அதே எடைக் கட்டி, திசை மட்டும் தலைகீழ்.

கட்டியிலிருந்து உருகிய தண்ணீர் வலை வழியாக நூல் நூலாக மேலே எழும்பியது, போகிற வழியிலேயே உப்புத் தண்ணீரோடு கலந்துகொண்டு. மேலே மூடி உருவாகவில்லை என்று சொல்ல முடியாது, ஆனால் முதல் தடவையைப் போல் கூரான விளிம்பு இல்லை. நோட்டுப் புத்தகக் கோடுகள் ஜாடியின் மேல் பாதி முழுக்க லேசாகச் சாய்ந்து தெரிந்தன. 20 டிகிரிக்கு வந்ததும், வலை தண்ணீரிலேயே இருக்க, அவள் மூன்றாவது கோட்டைக் குறித்தாள். இறங்கியிருந்தது. வலையை உதறி வெளியே எடுத்து, கலக்கி, திரவமானியை இறக்கினோம்.

1.065-க்கும் 1.066-க்கும் நடுவே நின்றது. அந்த அரைக் கோடு வலையில் ஒட்டி வெளியே போன தண்ணீரா, கட்டி எடையில் சில கிராம் குறைந்ததா என்று இருவரும் கொஞ்ச நேரம் வாதாடினோம். அவள் வலை என்கிறாள். வலையில் ஒட்டியது கலக்குவதற்கு முன் இருந்த மேல்நீர், அது நல்ல தண்ணீர் பக்கம், அது போனால் மிச்சம் கனமாகத்தானே ஆகும் என்பது அவள் வாதம். நான் தராசைத்தான் சந்தேகப்படுகிறேன்.